டெல்ஃப் பி1 பேச்சுத் தேர்வு: ஹோட்டல் புக்கிங் தகராறு மாதிரியான ரோல் ப்ளேயை எப்படி நீட்டுவது?

மீனா_புதுவை

வணக்கம். அடுத்த மாதம் டெல்ஃப் பி1 பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதப் போகிறேன். எழுத்து, கேட்பது, படிப்பது எல்லாம் ஓரளவு கையில் இருக்கிறது. பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதிதான் பிடிபடவில்லை. சீட்டில் ஒரு சிக்கலைக் கொடுத்து, தேர்வாளரே எதிர்த்தரப்பாக நடித்து, நாம் பேசித் தீர்க்கும் பகுதி.

நேற்று தோழியோடு பயிற்சி செய்தேன். சீட்டு இதுதான்: "லியோனில் ஒரு ஹோட்டலில் இருவருக்கான அறையை 2 இரவுக்கு இணையத்தில் பதிவு செய்தீர்கள். வந்து பார்த்தால் 1 இரவுக்குத்தான் பதிவு இருக்கிறது என்கிறார்கள். பிரச்சினையை விளக்கி ஒரு தீர்வுக்கு வாருங்கள். தேர்வாளர் வரவேற்பாளர்."

நான் பிரச்சினையைச் சொன்னேன். அவள் "மன்னிக்கவும், நாளை எல்லா அறையும் நிரம்பிவிட்டது" என்றாள். "வேறு ஹோட்டல் சொல்லுங்கள்" என்றேன். "எதிரில் ஒன்று இருக்கிறது" என்றாள். "நன்றி" சொல்லி முடித்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேர்வில் 3, 4 நிமிடம் பேச வேண்டும் என்கிறார்கள். மீதி நேரத்தில் என்னதான் பேசுவது?

சுந்தர்_கோவை

மீனா, இதற்கு ஒரு வழி இருக்கிறது. இருபது வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள். புகார் சொல்ல ஐந்து, வருத்தம் தெரிவிக்க ஐந்து, யோசனை சொல்ல ஐந்து, நன்றி சொல்லி முடிக்க ஐந்து. எந்தச் சீட்டு வந்தாலும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஹோட்டலாக இருந்தாலும் கடையில் வாங்கிய சட்டையாக இருந்தாலும் புகார் புகார்தானே. நான் அப்படித்தான் தயார் செய்து தேறினேன்.

ராஜி_டொரொண்டோ

மீனா, பத்துக் கேள்வியாவது கேட்டால் நேரம் தானாக ஓடிவிடும். விலை என்ன, காலை உணவு உண்டா, பார்க்கிங் உண்டா, எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போங்கள். எனக்கு 5 நிமிடமும் அப்படித்தான் போனது. அடுத்த 10 நிமிடம் நண்பரைச் சம்மதிக்க வைக்கும் பகுதி. அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

கதிர்வேலன்

ராஜி, நீங்கள் எழுதியது டெஃப் கனடா என்ற வேறொரு பிரெஞ்சுத் தேர்வு. அதில் முதல் பகுதி 5 நிமிடம். ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் தகவல் கேட்பது போல நடிக்க வேண்டும். அங்கே கேள்விகள்தான் வேலையே, அதனால் உங்கள் யோசனை அந்தத் தேர்வுக்குச் சரி. மீனா எழுதுவது டெல்ஃப் பி1. இதில் கையில் ஒரு பிரச்சினையோடு போய் நிற்கிறீர்கள். பார்க்கிங் உண்டா என்று கேட்டால் தேர்வாளர் உண்டு என்பார், அதோடு அது முடிந்தது. தொலைந்த இரவு தொலைந்தபடியே இருக்கும்.

முதலில் தேர்வின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பேச்சுத் தேர்வு மொத்தம் சுமார் 15 நிமிடம், மூன்று பகுதிகள். முதலில் உங்களைப் பற்றி 2, 3 நிமிடப் பேச்சு. அடுத்து இந்த ரோல் ப்ளே, 3 முதல் 4 நிமிடம். கடைசியாக ஒரு சிறு கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வது, 5 முதல் 7 நிமிடம். தயாரிப்புக்கு 10 நிமிடம் தருகிறார்கள், ஆனால் அது மூன்றாம் பகுதிக்கு மட்டும். ஏ2 நிலையில் ரோல் ப்ளேக்கும் சேர்த்துத் தயாரிப்பு நேரம் உண்டு. அதை நினைத்துக்கொண்டு பி1-க்கு வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. அந்த 10 நிமிடமும் நீங்கள் கட்டுரையோடு மல்லுக்கட்டிவிட்டு உள்ளே வருகிறீர்கள். தலை முழுக்க அதுதான். அந்த நிலையில் இரண்டு சீட்டை எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, உடனே ஹோட்டல் வாசலில் நிற்பவராக மாற வேண்டும். சீட்டைப் படிக்கும் சில விநாடிதான் உங்களுக்கு இருக்கிற தயாரிப்பு.

அந்தச் சில விநாடியில் இரண்டை மட்டும் முடிவு செய்யுங்கள். எனக்கு இது ஏன் அவசரம்? கடைசியில் எதற்குச் சம்மதிப்பேன்? சீட்டில் இவை இருக்காது, நீங்களே கற்பிக்க வேண்டும். "ஞாயிறு காலை அக்கா திருமணம், திருமண மண்டபம் இந்தத் தெருவிலேயே இருக்கிறது" என்று ஒன்றை வைத்துக்கொண்டால், எதிர் ஹோட்டல், பக்கத்து ஊர் ஹோட்டல், பணம் திருப்பித் தருவது என்று எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் உங்களிடம் இருக்கும். உங்கள் பயிற்சியில் அவள் "எதிரில் ஹோட்டல் இருக்கிறது" என்றதும் மறுக்க உங்களிடம் காரணமே இல்லை. அதனால் முடிந்துவிட்டது.

சுந்தர், வாக்கியங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் வரிசையாகச் சொல்லக் கூடாது. தேர்வாளர் சொன்னதைக் கேட்டு அதற்குப் பதில் வருகிறதா என்பதைத்தான் அங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள். "அறை இல்லை" என்று அவர் சொன்ன பிறகும் நீங்கள் மனப்பாடமான மூன்றாவது புகார் வாக்கியத்தைச் சொன்னால், அவர் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

சுந்தர்_கோவை

சரி சார், கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பது நியாயம். ஆனால் மனப்பாடம் இல்லாவிட்டால் பதற்றத்தில் வாயே திறக்காது. எனக்கு அது கைகொடுத்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

குகன்_பாரிஸ்

அண்ணை, நான் பாரிசில் ஒரு உணவகத்தில் சமையலில் நிற்கிறேன். 2026 ஜனவரி 1 முதல், முதல் தடவை 10 வருட வதிவிட அட்டை கேட்கிறவர்களுக்கு பி1 வேண்டும் என்று ஆகிவிட்டதால் நானும் இந்தச் சோதனைக்குப் படிக்கிறேன். இங்கே வாழ்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். பிரான்சில் கவுண்டரில் முதலில் "இல்லை, முடியாது" என்றுதான் சொல்வார்கள். அது கதையின் தொடக்கம் மட்டும்தான். விட்டுவிட்டு வந்தால் நட்டம் உங்களுக்கு. நின்று கதைக்க வேண்டும், தேவைப்பட்டால் சத்தமாகவும் கதைக்க வேண்டும். கோபத்தைக் காட்டினால்தான் மனேஜர் வருவார். சோதனையிலும் அப்படியே செய்தால் 4 நிமிடம் தாராளமாக ஓடும் என்று நினைக்கிறேன்.

கதிர்வேலன்

குகன், முதல் பாதி பொன்னான பேச்சு. முதல் "முடியாது" என்பது தொடக்கம்தான். தேர்வாளரும் அப்படித்தான் வைத்திருப்பார். அவர் வேலை உங்களைத் தடுப்பதுதான். நீங்கள் எளிதாகத் தீர்த்துவிட்டால் உங்களிடமிருந்து மொழி வராது, அவருக்கு மதிப்பெண் போட எதுவும் இருக்காது.

இரண்டாம் பாதியில் நான் உடன்படவில்லை. மதிப்பிடும் அளவுகோல்களில் சூழலுக்குத் தக்கபடி பேசுவதும் உண்டு. முகம் தெரியாத வரவேற்பாளரிடம் பேசும் மரியாதையும் அதில் அடக்கம். அதிருப்தியைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "எனக்கு இது மிகவும் ஏமாற்றமாக இருக்கிறது, இரண்டு மாதம் முன்பே பணம் கட்டினேன்" என்பது உறுதியான பேச்சு. குரலை உயர்த்தினால் வாக்கியங்கள் சுருங்கிவிடும். கோபத்தில் யாரும் "நீங்கள் இப்படிச் செய்தால் நான் அப்படிச் சம்மதிப்பேன்" என்று நிபந்தனை வாக்கியம் பேசுவதில்லை. பி1-இல் காட்ட வேண்டியதே அந்த மாதிரி வாக்கியங்களைத்தான்.

நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் "அறை வேண்டுங்க" என்றால் அந்த "ங்க"-விலேயே பணிவு வந்துவிடுகிறது. பிரெஞ்சில் "வூ" போட்டுவிட்டால் பணிவு வந்துவிட்டது என்று நினைத்து, "ழ வ" என்று நேரடியாக "எனக்கு வேண்டும்" சொல்லிவிடுகிறோம். அது அதட்டலாகக் கேட்கும். "ழ வுத்ரெ" என்று "கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்ற தொனியிலோ "எஸ்கில் செரெ போஸிப்ல்" என்று "முடியுமா" என்ற தொனியிலோ தொடங்கினால் அதே கோரிக்கை வேறு மாதிரி போய்ச் சேரும். அப்புறம், நாம் "சார், சார்" என்பது போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "மிஸ்யூ" சேர்க்க வேண்டாம். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, போதும்.

குகன்_பாரிஸ்

விளங்குது அண்ணை. ஆனால் அதிருப்தியே இல்லாமல் சாந்தமாகக் கதைத்தாலும் நடிப்பு மாதிரி இருக்காதா? எனக்கு அது இன்னும் சந்தேகம்தான்.

ஜெயந்தி_ஃப்ரண்ட்ஆபீஸ்

நான் டெல்ஃப் எழுதியவள் இல்லை. ஆனால் ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறேன், இந்தச் சீட்டில் இருக்கும் பிரச்சினையைக் கவுண்டருக்கு மறுபக்கம் நின்று பார்ப்பவள். அதனால் எழுதுகிறேன்.

புக்கிங் தவறுகள் சில வகைதான். அதிகம் வருவது தேதிக் குழப்பம். விமானம் 12-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்குகிறது என்று 12 முதல் பதிவு செய்துவிடுவார்கள். ஹோட்டல் கணக்கில் அந்த நேரத்து அறை 11-ஆம் தேதி இரவுக்கு உரியது. 12-ஆம் தேதிப் பதிவுக்கு மதியத்துக்குப் பிறகுதான் அறை கிடைக்கும். அடுத்தது, பதிவுத் தளத்தில் விருந்தினர் மாற்றியது எங்கள் கணினிக்கு வந்து சேராமல் இருப்பது. மூன்றாவது, நாங்களே இருக்கிற அறையைவிட அதிகமாக எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது. இதில் எது நடந்தது என்று கேட்டாலே உரையாடல் ஓடத் தொடங்கிவிடும். யார் தவறு என்பதைப் பொறுத்துத்தான் நாங்கள் எவ்வளவு இறங்குவோம் என்பது இருக்கிறது.

வரவேற்பில் நிற்பவருக்குத் தன் கையால் செய்யக்கூடியவை சில உண்டு. காலை உணவை இலவசமாகத் தரலாம். அறை காலி செய்யும் நேரத்தைத் தள்ளிப் போடலாம். வேறு வகை அறை இருந்தால் மாற்றலாம். தெரிந்த ஹோட்டலுக்குப் போன் செய்து அறை பிடிக்கலாம், தவறு எங்களுடையதாக இருந்தால் டாக்ஸிக்கும் ஏற்பாடு செய்யலாம். பதிவுத் தளத்தில் கட்டிய பணத்தை அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுக்க முடியாது. பெரிய தள்ளுபடிக்கு மேலாளரைக் கேட்க வேண்டும். "பணத்தைத் திருப்பிக் கொடு" என்று ஒன்றையே பிடித்துக்கொள்பவரிடம் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது. "இன்று இரவு எனக்கு என்ன செய்ய முடியும்?" என்பவரிடம்தான் பேச்சு நகரும். தேர்விலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மீனா_புதுவை

ஜெயந்தி அக்கா, இது எனக்கு மிகவும் உதவும். என்ன கேட்கலாம் என்பதே தெரியாமல்தான் வேறு ஹோட்டல் என்று சொல்லிவிட்டேன். கதிர் சார், அதே சீட்டை முழுக்க ஒரு முறை நடத்திக் காட்ட முடியுமா? பிரெஞ்சில் நான் எழுதிக்கொள்கிறேன், எந்த இடத்தில் என்ன செய்வது என்பதுதான் தெரிய வேண்டும்.

கதிர்வேலன்

சரி. தமிழிலேயே எழுதுகிறேன், இதை யாரும் மனப்பாடம் செய்துவிடாமல் இருக்கவும் அது உதவும். அவசரக் காரணம்: ஞாயிறு காலை பக்கத்தில் அக்கா திருமணம். சம்மதிக்கும் எல்லை: முதல் இரவு இங்கே, இரண்டாம் இரவு நடக்கும் தூரத்தில், கூடுதல் பணம் கட்டாமல்.

மீனா: வணக்கம். துரை என்ற பெயரில் இரண்டு இரவுக்கு அறை பதிவு செய்திருந்தேன், வெள்ளியும் சனியும். ஆனால் உங்கள் சக ஊழியர் வெள்ளி மட்டும்தான் இருக்கிறது என்கிறார்.

வரவேற்பாளர்: ஆமாம், எங்கள் திரையிலும் ஓர் இரவுதான் தெரிகிறது.

மீனா: அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சல் இதோ இருக்கிறது, இரண்டு இரவு என்று எழுதியிருக்கிறது. பார்க்கிறீர்களா?

வரவேற்பாளர்: பார்த்தேன். தளத்துக்கும் எங்களுக்கும் இடையே ஏதோ தவறு நடந்திருக்கிறது. ஆனால் நாளை முழுக்க நிரம்பிவிட்டது.

இதுதான் முதல் தடை. இங்கே பெரும்பாலோர் "அப்படியா, சரி" என்பார்கள். நீங்கள் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உங்கள் காரணத்தை வைக்க வேண்டும்.

மீனா: நாளைக்கு ஓர் அறைகூட இல்லை என்கிறீர்கள். எனக்கு அது பெரிய சிக்கல். ஞாயிறு காலை 9 மணிக்கு எதிர் மண்டபத்தில் என் அக்காவுக்குத் திருமணம், அதற்காகத்தான் இந்த ஹோட்டலையே தேர்ந்தெடுத்தேன். இருவருக்கான அறை இல்லாவிட்டால் ஒருவருக்கான சிறிய அறையாவது இருக்குமா? கூடுதல் கட்டில் போட்டுக்கொள்கிறோம்.

வரவேற்பாளர்: அந்த அறைகளில் கூடுதல் கட்டில் போட அனுமதி இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் எங்களுக்கு இன்னொரு ஹோட்டல் இருக்கிறது, அங்கே அறை இருக்கிறது.

மீனா: அது இங்கிருந்து எவ்வளவு தூரம்?

வரவேற்பாளர்: மெட்ரோவில் 20 நிமிடம்.

மீனா: அப்படியானால் ஞாயிறு காலையில் பட்டுப்புடவையோடும் பெட்டியோடும் மெட்ரோவில் வர வேண்டியிருக்கும். டாக்ஸிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அங்கே போகச் சம்மதிப்பேன்.

கவனியுங்கள், ஒரு யோசனை தோற்றது, உடனே இன்னொன்று வந்தது. தூரத்தைக் கேட்டது வெறும் கேள்விக்காக இல்லை, அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்த நிபந்தனை எழுந்தது. ராஜி சொன்ன கேள்விகள் இந்த மாதிரி இடத்தில் பயன்படும்.

வரவேற்பாளர்: டாக்ஸிக்கு மேலாளர் ஒப்புதல் வேண்டும், அவர் இப்போது இல்லை.

மீனா: புரிகிறது, அது உங்கள் கையில் இல்லை. அப்படியானால் பெட்டிகளை நாளை காலை இங்கேயே விட்டுவிட்டு, ஞாயிறு திருமணம் முடிந்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாமா? அந்த ஹோட்டல் அறைக்கு நான் கூடுதலாக எதுவும் கட்ட மாட்டேன், காலை உணவும் அதிலேயே சேர வேண்டும்.

வரவேற்பாளர்: பெட்டிகளுக்குப் பிரச்சினை இல்லை. காலை உணவும் சேர்த்துவிடுகிறேன்.

மீனா: அப்படியென்றால், இன்று இரவு இங்கே, நாளை இரவு ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில், அதே விலை, காலை உணவோடு, பெட்டிகள் இங்கே. இதை எனக்கு எழுத்தில் தர முடியுமா?

வரவேற்பாளர்: இப்போதே மின்னஞ்சல் அனுப்புகிறேன்.

மீனா: நன்றி. நல்ல மாலை ஆகட்டும்.

இது பிரெஞ்சில் பேசும்போது, இடையில் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால், மூன்று நிமிடத்தைத் தாண்டும். டாக்ஸி கிடைக்கவில்லை, தூரமும் குறையவில்லை. மீனா தொடக்கத்தில் வைத்த எல்லையிலிருந்து கொஞ்சம் இறங்கியும் இருக்கிறார். அதனால் மதிப்பெண் குறையாது. பேரத்தில் ஜெயிக்கிறீர்களா என்று பார்ப்பதில்லை. விளக்கினீர்களா, தகவலைச் சரிபார்த்தீர்களா, அவர் சொன்னதற்குப் பதில் சொன்னீர்களா, ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

முடிந்ததைத் தொகுத்துச் சொன்ன அந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு பேரும் ஒரே உடன்பாட்டைத்தான் மனத்தில் வைத்திருக்கிறீர்களா என்பதைச் சரிபார்ப்பது அது. பேச்சை எப்படி முடிப்பது என்று தடுமாறுபவர்களுக்கும் அதுவே வாசல்.

பயிற்சியின்போது ஓர் அடையாளத்தை வைத்து உங்களையே பார்த்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் "அப்படியானால் நீங்கள் என்ன யோசனை சொல்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டி வந்தால், நீங்கள் பேச்சை அவர் தோளில் இறக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். நல்ல தேர்வாளர் ஒரு முறை அப்படிக் கேட்டு உதவுவார். இரண்டாம் முறையும் கேட்க வைக்காதீர்கள்.

சுந்தர்_கோவை

ஒரு சந்தேகம். தேர்வாளர் சொன்னது புரியாவிட்டால்? மறுபடி சொல்லச் சொன்னால் மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால் நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவேன்.

கதிர்வேலன்

அதுதான் ஆபத்து. புரியாததைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதே இந்த நிலையில் எதிர்பார்க்கும் திறமைகளில் ஒன்று. "நாளைக்கு இல்லை என்கிறீர்களா, இன்றைக்கு இல்லை என்கிறீர்களா?" என்று குறிப்பாகக் கேட்டால் அது நன்மையாகத்தான் முடியும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்ன சொன்னீர்கள்?" என்றால்தான் கேட்கும் திறன் இல்லை என்று ஆகும்.

தலையாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட "சரி, சரி" என்போம். அதே பழக்கத்தில் பிரெஞ்சில் "தக்கோர், தக்கோர்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர் சொன்ன தீர்வை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். தேர்வாளர் அங்கேயே முடித்துவிடலாம். மீனாவின் ஒரு நிமிடத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். கேட்டதைக் காட்ட "ழ கொம்ப்ரான், மே" என்று "புரிகிறது, ஆனால்" போட்டால் கதவு திறந்தே இருக்கும்.

மீனா_புதுவை

போனில் பதிவு செய்ததைக் கேட்டேன். "எதிரில் ஹோட்டல்" என்று அவள் தொடங்கும்போதே நான் "தக்கோர்" சொல்லிவிட்டேன். அவள் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை.

இன்னொரு கேள்வி. இரண்டு சீட்டு எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? ஒன்று ஹோட்டல், கடை மாதிரி, இன்னொன்று நண்பர் பயணத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்வது மாதிரி வந்தால் எதை எடுப்பது நல்லது?

ராஜி_டொரொண்டோ

நண்பர்தான். எங்கள் தேர்வில் அந்தப் பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேச முடிந்தது. சொந்தக் கதையையே கலந்துவிடலாம், பதற்றமும் குறைவு.

கதிர்வேலன்

என் மாணவர்களுக்கு நான் ஹோட்டல், கடை மாதிரிச் சீட்டைத்தான் சொல்வேன். நண்பரிடம் "தூ" போட்டுப் பேச வேண்டும். புதுவையிலும் சென்னையிலும் வகுப்பில் படித்தவர்கள் ஆசிரியரிடம் "வூ" போட்டே பழகியவர்கள். எதிரில் முன்பின் தெரியாத தேர்வாளர் உட்கார்ந்திருக்கும்போது "தூ" வராது, இரண்டு வாக்கியம் "தூ", மூன்றாவது "வூ" என்று கலந்துவிடும். கவுண்டர் சீட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆவணம், தேதி, விலை என்று பிடித்துக்கொள்ளப் பொருளும் இருக்கிறது.

குகன்_பாரிஸ்

எனக்கு நேர்மாறு அண்ணை. சமையலறையில் எல்லோரும் "தூ"தான், முதலாளி உட்பட. "வூ" போட்டுக் கதைக்கும்போதுதான் நாக்குத் தடுமாறுகிறது. மீனா, நீங்கள் எங்கே பிரெஞ்சு கதைத்தீர்களோ அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஜெயந்தி_ஃப்ரண்ட்ஆபீஸ்

மீனா, தோழியோடு அடுத்த முறை செய்யும்போது அவளுக்கு ஒரு துண்டுத் தாளில் வரவேற்பாளரின் கட்டுப்பாடுகளை எழுதிக் கொடுங்கள், உங்களுக்குக் காட்டாமல். "நாளை அறை இல்லை, தள்ளுபடி தர முடியாது, கேட்டால் மட்டும் காலை உணவு தரலாம், பெட்டியை வைத்துக்கொள்ளலாம்" என்று நாலு வரி போதும், வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குப் புதிதாகச் சேர்பவர்களைப் பழக்கும்போது இப்படித்தான் செய்வோம். அவள் எதை மறுக்கிறாள், எதற்கு இறங்குவாள் என்று தெரியாமல் பேசினால்தான் நிஜமாகத் தேடுவீர்கள்.

மீனா_புதுவை

செய்கிறேன் அக்கா. அண்ணனை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், ஹோட்டல் ஒன்று, விமான டிக்கெட்டில் பெயர் தவறாக விழுந்தது ஒன்று. "தூ" சீட்டு எடுப்பதா வேண்டாமா என்பதை நண்பர் சீட்டிலும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

கதிர்வேலன்

விமான டிக்கெட் நல்ல தேர்வு. அதில் வரவேற்பாளரைவிட இறுக்கமான ஆள் எதிரில் இருப்பார், பெயரை மாற்ற விதி இடம் தராது என்பார். எழுத்துப் பிழையைத் திருத்துவதும் வேறு ஆளின் பெயருக்கு மாற்றுவதும் ஒன்றல்ல என்பதை நீங்கள்தான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டுவதிலிருந்து தொடங்குங்கள். செய்த பிறகு பேச்சு எங்கே நின்றது என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.